கே-மேப் பதில் ஒத்துவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துத் தவறைப் பிடிக்கும் வழி

தக்கலையில் என் வீட்டு முன்னறையில் மாலை நேரத்தில் டிப்ளமோ, இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். மார்த்தாண்டம், குலசேகரம், கருங்கல் என்று பல பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். கார்னோ மேப் பாடம் வரும் வாரத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் வந்து நிற்பார்கள். "முறை தெரியும் சார், ஆனா பதில் நோட்ஸ்ல இருக்கிற மாதிரி வரல." முறையை மறுபடி முதலிலிருந்து சொல்வதில் பயனில்லை. வந்த தப்புப் பதிலை உற்றுப் பார்த்தாலே எந்த இடத்தில் வழுக்கியது என்று தெரிந்துவிடும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம். நான்கு உள்ளீடுகள் A, B, C, D. வெளியீடு F கீழே உள்ள ஒன்பது மின்டெர்ம்களில் 1, மற்ற ஏழில் 0.

```
F(A,B,C,D) = Σm(0,1,2,5,7,8,9,10,13)

        CD=00  01  11  10
AB=00     1    1   0   1
AB=01     0    1   1   0
AB=11     0    1   0   0
AB=10     1    1   0   1
```

சுருக்காமல் எழுதினால் ஒன்பது பதங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்து, மொத்தம் 36. சரியாகச் சுருக்கினால் வருவது இது:

```
F = B'D' + C'D + A'BD
```

ஏழே எழுத்துதான். உங்கள் பதில் இதுவாக இல்லையென்றால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

அறிகுறி: பதிலை ட்ரூத் டேபிளில் போட்டுப் பார்த்தால் சில வரிசைகளில் தப்பு

இது வந்தால் குரூப்பைத் தொடாதீர்கள். முதலில் மேப்பின் தலைப்பு வரிசையைப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் 00, 01, 10, 11 என்று பைனரி எண்ணும் வரிசையிலேயே எழுதியிருப்பார்கள். வர வேண்டியது 00, 01, 11, 10. மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறியிருக்கும்.

ஏன் மாற வேண்டும் என்று புரிந்துவிட்டால் பிறகு மறக்காது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு இடையே ஒரே ஒரு எழுத்து மட்டும் மாற வேண்டும். அப்போதுதான் அந்த எழுத்தைத் தள்ளிவிட முடியும். 01-க்கும் 10-க்கும் இடையே C, D இரண்டும் ஒன்றாக மாறுகின்றன. 01-க்கும் 11-க்கும் இடையே C மட்டும்தான் மாறுகிறது. இதுதான் கிரே கோட் வரிசை. எட்வர்ட் வீட்ச் 1952-இல் இதே போல ஒரு கட்டப்படம் வெளியிட்டார். அதைத் திருத்தி, பக்கத்துக் கட்டங்கள் கண்ணுக்கும் பக்கத்தில் வரும்படி இந்த வரிசையைக் கொண்டுவந்தவர் பெல் ஆய்வகத்தில் இருந்த மாரிஸ் கார்னோ. அது 1953-இல்.

தப்பான வரிசையில் நம் கணக்கு எப்படிக் கெட்டுப்போகிறது என்று பாருங்கள். முதல் வரிசையில் 0, 1, 2, 3 என்று நிரப்பினால் 1 1 1 0 என்று வரும். 1-ஆம் கட்டமும் 2-ஆம் கட்டமும் ஒட்டி நிற்கும். ஜோடி என்று நினைத்து வட்டம் போட்டு, மாறுகிற C, D இரண்டையும் தள்ளினால் A'B' என்று கிடைக்கும். அந்த A'B' 0, 1, 2, 3 நான்குக்கும் 1 கொடுக்கும். ஆனால் டேபிளில் 3-க்கு 0 இருக்கிறது. அந்த வரிசையில்தான் உங்கள் பதில் உதைக்கும்.

இதிலிருந்து ஒரு நல்ல அடையாளம் கிடைக்கிறது. இரண்டு கட்டம் உள்ள குரூப்பில் ஒரே ஒரு எழுத்துதான் போக வேண்டும். நான்கு கட்டத்தில் இரண்டு, எட்டுக் கட்டத்தில் மூன்று. ஜோடியில் இரண்டு எழுத்து போகிறது என்றால் அது ஜோடியே இல்லை. அதே காரணத்தால்தான் மூன்று கட்டத்தையோ ஆறு கட்டத்தையோ ஒரே வட்டத்தில் அடைக்கவும் முடியாது.

இன்னொரு வகையும் உண்டு, இது கண்ணில் படுவது கஷ்டம். தலைப்பை 00, 01, 11, 10 என்று சரியாக எழுதிவிட்டு, டேபிளின் மதிப்புகளை மேலிருந்து கீழே நான்கு நான்காக அப்படியே இறக்கிவிடுவார்கள். 2-ஆவது வரியின் மதிப்பு 11-க்குக் கீழே போய் உட்காரும், 3-ஆவதன் மதிப்பு 10-க்குக் கீழே. வரிசைகளிலும் இதே கதைதான், 8 முதல் 11 வரை உள்ளவை AB=11 வரிசையில் போய் விழும். மேப் பார்க்க அழகாக இருக்கும், குரூப்பும் நன்றாக விழும், ஆனால் சுருக்கியது வேறொரு ஃபங்ஷனை. இதைப் பிடிக்க ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் மின்டெர்ம் எண்ணைச் சின்னதாகப் பென்சிலில் எழுதச் சொல்கிறேன்: முதல் வரிசையில் 0, 1, 3, 2, இரண்டாவதில் 4, 5, 7, 6, மூன்றாவதில் 12, 13, 15, 14, கடைசியில் 8, 9, 11, 10. அரை நிமிட வேலை. பரீட்சையில்கூட எழுதலாம், யாரும் மார்க் குறைக்கமாட்டார்கள்.

அறிகுறி: டேபிளோடு ஒத்துப்போகிறது, ஆனால் நோட்ஸில் இருப்பதைவிட நீளம்

இது தப்பு இல்லை, முடிக்காத வேலை. போன வாரம் ஒரு பெண் இப்படி எழுதிக்கொண்டு வந்தாள்:

```
F = A'B'D' + AB'D' + C'D + A'BD
```

இந்தப் பதிலையே படியுங்கள், மேப்புக்குப் போக வேண்டாம். முதல் இரண்டு பதங்களில் B'D' பொதுவாக இருக்கிறது. ஒன்றில் A', மற்றொன்றில் A. இரண்டு பதங்கள் ஒரே ஒரு எழுத்தின் கோட்டில் மட்டும் வித்தியாசப்பட்டால் அவை ஒரே குரூப்பாகச் சேர வேண்டியவை. அதைக் கண்டதுமே எங்கோ ஒரு பெரிய குரூப்பை விட்டுவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

விட்டது எது? நான்கு மூலைகள். 0, 2, 8, 10. அவள் மேல் வரிசையின் இரண்டு முனைகளை ஒரு ஜோடியாகவும் கீழ் வரிசையின் முனைகளை இன்னொரு ஜோடியாகவும் பிடித்திருந்தாள். இடது வலது ஓரம் ஒட்டும் என்று தெரிந்திருக்கிறது. மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒட்டும் என்பது மனதில் வரவில்லை.

அன்றைக்கு மேஜையில் டீயோடு உளுந்தவடை இருந்தது. மேப் வரைந்த தாளைக் கிழித்து, இடது ஓரமும் வலது ஓரமும் சேரும்படி குழாயாகச் சுருட்டினேன். இப்போது 0-உம் 2-உம் பக்கத்தில் வந்துவிட்டன. அந்தக் குழாயை வளைத்து மேல்வாயையும் கீழ்வாயையும் சேர்த்தால் என்ன வடிவம் வரும் என்று கேட்டேன். தாள் கசங்குமே தவிர வளையாது, ஆனால் அவள் தட்டைப் பார்த்துவிட்டு "வடை சார்" என்றாள். அதேதான். கே-மேப் ஓட்டை வடையின் தோல்மேல் வரைந்த பதினாறு கட்டம். அதற்கு ஓரமே கிடையாது, அதனால் மூலையும் கிடையாது. தாளில் மூலைகளாகத் தெரியும் நான்கு கட்டங்களும் வடையில் ஒரே இடத்தில் கூடி நிற்கின்றன. B=0, D=0 என்பது நான்குக்கும் பொது, A-யும் C-யும் மாறுகின்றன, ஆக B'D'.

வடை மனதில் வராவிட்டால் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு 1-க்கும் நான்கு பக்கத்துக் கட்டங்கள் இருக்கின்றன. ஓரத்தில் உள்ள 1-க்கு இரண்டோ மூன்றோதான் எண்ணியிருந்தால், மீதியை எதிர் ஓரத்தில் தேடுங்கள். 0-ஆம் கட்டத்துக்கு 1, 4, 2, 8 நான்கும் பக்கத்தவர். எண்ணின் பைனரியில் ஒரே ஒரு பிட்டை மாற்றினால் கிடைப்பவை இவை. சரிபார்க்க இதைவிட உறுதியான வழி இல்லை.

நீளமாக வருவதற்கு மற்றொரு காரணம், ஒரு தடவை வட்டத்துக்குள் வந்த 1-ஐ மறுபடி தொடக்கூடாது என்ற எண்ணம். எத்தனை தடவை வேண்டுமானாலும் தொடலாம். நம் கணக்கில் 5 இரண்டு குரூப்பில் வருகிறது: C'D-இலும் A'BD-இலும். அதை C'D-க்கு மட்டும் என்று வைத்துவிட்டால், 7 தனியாக நின்று A'BCD என்று நான்கெழுத்தாகக் கிடக்கும்.

அறிகுறி: எல்லாக் குரூப்பும் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒரு பதம் கூடுதல்

```
F = B'D' + C'D + B'C' + A'BD
```

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு வரும் தவறு இது. 0, 1, 8, 9 நான்கும் சேர்ந்து ஒரு சதுரம், B'C'. பெரிய குரூப், இன்னும் பெரிதாக்க முடியாது, விதிப்படி அது ஒரு பிரைம் இம்ப்ளிகண்ட். பார்த்ததும் வட்டம் போட்டுவிடுவோம். ஆனால் 0-உம் 8-உம் ஏற்கனவே மூலைக் குரூப்பில் இருக்கின்றன. 1-உம் 9-உம் C'D-இல் இருக்கின்றன. B'C'-க்கு மட்டுமே சொந்தமான 1 எதுவும் இல்லை.

அதனால் பெரிய குரூப்பிலிருந்து தொடங்காமல், தனிமையில் இருக்கும் 1-இலிருந்து தொடங்குங்கள். 7-க்குப் பக்கத்தில் 5 மட்டும்தான் 1. ஆக 5-7 ஜோடி கட்டாயம். 13 சேரக்கூடிய பெரிய குரூப் C'D ஒன்றுதான், அதுவும் கட்டாயம். 2-உம் 10-உம் மூலைக் குரூப்பில் மட்டும்தான் சேர முடியும், அதுவும் கட்டாயம். இந்த மூன்றையும் போட்டபின் மேப்பைப் பாருங்கள், மூடாத 1 ஒன்றுகூட மீதி இல்லை. வேலை முடிந்தது. B'C' பக்கம் போகவே தேவைப்படாது.

ஏற்கனவே நான்கு பதம் எழுதிவிட்டீர்கள் என்றால், ஒவ்வொரு வட்டமாக விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்தபின் எல்லா 1-களும் வேறொரு வட்டத்தில் இருந்தால் அந்த வட்டம் தேவையில்லை. இந்த B'C'-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இது திரும்ப வரும்.

அறிகுறி: பக்கத்தில் இருப்பவன் பதில் வேறு, இரண்டும் ஒரே நீளம்

டோன்ட் கேர் வந்தால் இது அடிக்கடி நடக்கும். நம் கணக்கிலேயே 15-ஆம் கட்டத்தை X என்று வைத்துப் பாருங்கள். அந்த உள்ளீடு எப்போதும் வராது என்று பொருள். X-ஐ 1 என்று எடுத்தால் நடுவில் 5, 7, 13, 15 சதுரம் கிடைக்கும், A'BD சுருங்கி BD ஆகிவிடும். மூலைகள் B'D' அப்படியே இருக்கும். இப்போது மூடாமல் மீதி இருப்பவை 1-உம் 9-உம் மட்டும். அவற்றை C'D-ஆலும் மூடலாம், B'C'-ஆலும் மூடலாம்.

```
F = B'D' + BD + C'D
F = B'D' + BD + B'C'
```

இரண்டும் சரி. ஒன்றை அடித்துவிட்டு மற்றொன்றை எழுத வேண்டாம். ஆனால் இரண்டையும் சேர்த்து நான்கு பதமாக எழுதினால் அது போன அறிகுறிக்குள் போய்விடும். X-ஐப் பற்றி ஒன்று மட்டும் கவனியுங்கள்: அது குரூப்பைப் பெரிதாக்க உதவினால் மட்டும் எடுங்கள். X-களை மட்டும் வைத்து ஒரு வட்டம் போட்டிருந்தால் அதை அழித்துவிடலாம், யாரும் கேட்காத இடத்துக்கு ஒரு கேட்டைச் செலவு செய்திருக்கிறீர்கள்.

அறிகுறி: பேப்பரில் எல்லாம் சரி, பிரெட்போர்டில் எப்போதாவது கோளாறு

இதைப் பெரும்பாலான நோட்ஸ் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். எனக்கு இதுதான் மேப்பிலேயே முக்கியமான இடம், ஏனென்றால் மேலே வேண்டாம் என்று தள்ளிய பதம் இங்கே வேலைக்கு வருகிறது.

குலசேகரத்துப் பையன் ஒருவன் சரியான மூன்று பதப் பதிலையே 7404, 7408, 7432 மூன்று ஐசியில் கட்டியிருந்தான். LED-இல் பதினாறு வரிசையும் சரியாக வந்தது. அப்புறம் F-ஐ 7493 கவுன்டரின் கிளாக்கில் கொடுத்தான். B, C இரண்டையும் 0-இல் வைத்து D சுவிட்சை மேலும் கீழும் தட்டினால் கவுன்டர் தானாக நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் இல்லை, சில முறை. மேப்பைப் பாருங்கள்: B=0, C=0 என்றால் D எதுவாக இருந்தாலும் F=1. வெளியீடு அசையவே கூடாத இடம் அது.

அவன் முதலில் சுவிட்ச் துள்ளுகிறது என்று நினைத்தான். சுவிட்ச் துள்ளத்தான் செய்யும், ஆனால் D எத்தனை முறை துள்ளினாலும் F 1-ஆகவே இருக்க வேண்டுமே. அடுத்ததாக மூன்று கேட் ஐசிகளிலும் 14-ஆவது காலுக்கும் 7-ஆவது காலுக்கும் இடையே, 7493-இல் 5-ஆவது காலுக்கும் 10-ஆவது காலுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் போட்டுப் பார்த்தோம். அதன்பிறகும் நகர்ந்தது. ஆக, தவறு வயரில் இல்லை, சமன்பாட்டில் இருக்கிறது.

D=1 இருக்கும்போது F-ஐ 1-இல் தாங்கிப் பிடிப்பது C'D. D=0 ஆனதும் தாங்க வேண்டியது B'D'. D 1-இலிருந்து 0-க்கு இறங்கும் அந்த நொடியில் C'D உடனே கையை விட்டுவிடுகிறது. ஆனால் D' என்ற சிக்னல் 7404 வழியாகச் சுற்றி வர வேண்டும், அதற்குச் சுமார் 10 நானோ செகண்ட் ஆகும். அதுவரை B'D' வரவில்லை. இரண்டு பேரும் பிடிக்காத அந்தச் சின்ன இடைவெளியில் F ஒரு கணம் 0-க்கு விழுந்து எழுகிறது. LED-இல் கண்ணுக்குத் தெரியாது. 7493 கிளாக் இறங்கும்போது எண்ணும் ஐசி, அதனால் அந்த விழுதலையே ஒரு கிளாக் என்று எடுத்துக்கொள்கிறது. துடிப்பு மிக ஒல்லியாக இருப்பதால் சில முறை எண்ணும், சில முறை விட்டுவிடும். D 0-இலிருந்து 1-க்கு ஏறும்போது இந்தத் தொல்லை இல்லை, C'D முந்தி வந்து பிடித்துக்கொள்ளும், B'D' பிறகுதான் விடும். இதற்குப் பெயர் ஸ்டாட்டிக்-1 ஹசார்ட்.

மேப்பில் இதை எப்படிப் பார்ப்பது? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 1 இருந்து, அந்த இரண்டையும் ஒன்றாக உள்ளடக்கும் வட்டம் ஒன்றுகூட இல்லையென்றால் அங்கே ஹசார்ட் இருக்கிறது. நம் மூன்று வட்டங்களை வைத்துத் தேடினால் 0-1, 8-9 என்ற இரண்டு இடங்களில் மட்டும் அந்த விரிசல் தெரியும். இரண்டையும் சேர்த்து மூடும் குரூப் 0, 1, 8, 9. அதாவது B'C'. D என்னவானாலும் B'C' அசையாமல் 1-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும்.

எல்லா இடத்திலும் இந்தப் பதத்தைச் சேர்க்க வேண்டியதில்லை. F ஒரு LED-க்குப் போனாலோ, கிளாக் வருவதற்குள் அடங்கி நிற்க நேரம் இருக்கும் ஃபிளிப்-ஃப்ளாப்பின் D உள்ளீட்டுக்குப் போனாலோ மூன்று பதமே போதும். கிளாக், ரீசெட் போன்ற கால்களுக்கு நேரே போனால் மட்டும் கூடுதல் பதம் வேண்டும். பரீட்சையில் சுருக்கச் சொன்னால் மூன்று பதம்தான் பதில்.

பையனுக்கு ஒரு சிக்கல். A'BD-க்கு இரண்டு AND, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று, ஆக 7408-இன் நான்கு கேட்டும் தீர்ந்துவிட்டன. "ஒரு கேட்டுக்கு வேண்டி இன்னொரு ஐசியா சார்?" என்று கேட்டான். "இல்ல மக்கா, 7432-ல எத்தனை மிச்சம் இருக்குன்னு பாரு" என்றேன். நான்கு பதங்களைக் கூட்ட மூன்று OR போதும், ஒன்று மிச்சம். 7404-இல் A', B', C', D' போக இரண்டு மிச்சம். டி மார்கன் விதிப்படி B'C' என்பதும் (B+C)' என்பதும் ஒன்றுதான். B-யையும் C-யையும் 7432-இன் 12, 13-ஆம் கால்களில் கொடுத்து, 11-ஆம் காலிலிருந்து வருவதை 7404-இன் 11-ஆம் காலுக்கு எடுத்துப்போனோம். அதன் 10-ஆம் காலில் வந்தது B'C'. அதை நான்காவது பதமாகக் கூட்டி, கவுன்டரை ரீசெட் செய்து, D சுவிட்சை ஐம்பது தடவைக்கு மேல் தட்டிப் பார்த்தான். கவுன்டர் பூஜ்ஜியத்திலேயே நின்றது.